அரை இடம் தள்ளி

என் கணவருக்கு என் சமையலில் நம்பிக்கை உண்டு. நான் ஸ்கூட்டி ஓட்டுவதிலும் ஓரளவு உண்டு. என் கையில் மட்டும் இல்லை. கை என்று நான் சொல்வது தாளம் போடும் கையை.

நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியை. அவர் தம்பிலுவில்காரர். பகலில் நீர்ப்பாசன அலுவலகம், மாலையில் மிருதங்கம். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது, பாட்டும் மிருதங்கமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் வேறென்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் பூரித்துப் போனார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மிருதங்கம் வாசிப்பார். வலது முழங்காலுக்குப் பக்கத்தில் அவருடைய போன் கிடக்கும். அதில் மெட்ரோனோம் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமான புதிதில் நானாகவே போய்க் கேட்டேன். "நான் தாளம் போடட்டா?"

"உனக்கேன் கரைச்சல்? இதுக்குத் தாளம் பிழைக்காது" என்று போனைக் காட்டினார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று குத்தியது. சங்கீதத்தில் பட்டம் வாங்கியவள் நான், வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்குத் தாளம் போடச் சொல்லிக்கொடுக்கிறவள். என் கையைவிட டிக் டிக் பெரிதாகப் போய்விட்டதா? ரோசம் எனக்கும் உண்டு. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். சாய்ந்தமருது முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன். நேரில் 'நீங்க, நாங்க'தான். நான் அவளை 'கா' என்று கூப்பிடுவேன், அவள் என்னைப் 'புள்ள' என்பாள். ஓய்வறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவளுடையது. ஒருநாள் நான் வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மேசை விளிம்பில் தாளம் போடுவதைக் கண்டுவிட்டாள்.

"என்ன புள்ள, மேசைக்கு அடிக்கிறீங்க?"

"ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இது நாலு. பிறகு தட்டு, வீச்சு. இன்னொருக்காத் தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. திரும்பவும் முதல்ல இருந்து."

வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்பிப் போடுவது. அவள் ஒருமுறை செய்து பார்த்தாள். பிறகு கணக்குக்காரிக்குரிய சந்தேகம் வந்துவிட்டது.

"எட்டெண்டா எட்டுத்தானே? மனசுக்குள்ள எண்ணிட்டுப் போகலாமே. இதுக்கு ஏன் விரலும் வீச்சும்?"

"மனசுக்குள்ள எண்ணினா எனக்கு மட்டும்தான் கா தெரியும். மேடையில வயலின் இருக்கு, மிருதங்கம் இருக்கு. அவங்கட ரெண்டு கையிலயும் வேலை. நிமிர்ந்து என்ட கைய ஒருக்காப் பாத்தாப் போதும். நடுவிரல் எண்டா நாலாவது எண்ணிக்கை. கடைசி வீச்சு எண்டா வட்டம் முடியப் போகுது. எங்க நிக்கிறம் எண்டு கை சொல்லிடும்."

"அப்ப சும்மா தட்டிக்கொண்டு போனா?"

"நேரம் மட்டும்தான் தெரியும். இடம் தெரியாது."

இதைச் சொன்னபோது, எங்கள் வீட்டு டிக் டிக்கின் ஞாபகம் வந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். போன் எட்டு முறையும் ஒரே மாதிரித்தான் அடிக்கும். எது முதலாவது, எது ஐந்தாவது என்று அதற்கு என்ன தெரியும்!

அன்றிலிருந்து கணித டீச்சருக்குத் தாளப் பைத்தியம். பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுகூடத் தொடையில் விரல் ஓடும். பாட்டு அவளுக்கு விளங்காது. என் கையைப் பார்த்து அப்படியே தன் கையைப் போடுவாள், அவ்வளவுதான். ஒருநாள் நான் ஒரு கீர்த்தனையைத் தொடங்கும்போது இடைமறித்தாள்.

"பிந்திட்டீங்க! தட்டு விழுந்ததுக்குப் பிறகுதான் வாயத் துறந்தீங்க."

"பிந்தல்ல. இந்தப் பாட்டுக்கு எடுப்பு அப்படி. முதல் தட்டு விழவேணும், அரை இடம் தள்ளித்தான் பாட்டு வரும். தட்டுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில."

"அப்ப பஸ் வெளிக்கிட்டதுக்குப் பிறகு ஓடி ஏறுறது."

"ஓம், அதேதான்."

"எங்கட ஊர் ஆக்கள் அதில கெட்டிக்காரர்தானே" என்று சிரித்தாள்.

இந்த அரை இடம்தான் பிறகு எங்களைப் படாத பாடு படுத்தியது.

அந்த வருசம் எங்கள் பாடசாலையின் நவராத்திரி வாணி விழாவுக்கு ஒரு கச்சேரி வைப்பது என்று முடிவானது. பாட்டு நான், மிருதங்கம் அவர். வயலினுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வரச் சம்மதித்தார். பெயரெடுத்த வயலின்காரர். தன் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்கிறவர். அவருடைய நிரந்தர மிருதங்கக்காரர் அப்போதுதான் கனடாவுக்குப் போயிருந்தார். இடம் காலி. என் கணவரைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "கல்முனையில வாசிக்கட்டும், பாத்துச் சொல்றன்" என்றாராம்.

அந்த ஒரு வசனம் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. என் கணவர் அதுவரைக்கும் நடன அரங்கேற்றங்களுக்கும் பாடசாலை நிகழ்ச்சிகளுக்கும் வாசித்தவர். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பிள்ளையின் நடனத்தைத்தான் பார்ப்பார்கள், இவரை யார் பார்ப்பது? ஒரு நல்ல குழுவில் இருந்து வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வாய் திறந்து சொல்லமாட்டார். எனக்குத் தெரியும். பெரும்போக நெல் வேலை தொடங்கி, பகலெல்லாம் சவளக்கடைப் பக்கம் வாய்க்கால் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு வருவார். வந்ததும் கால் கழுவிவிட்டு மிருதங்கம், கண்மூடல், டிக் டிக். மோட்டார் சைக்கிளில் போகும்போது எண்ணெய்த் தாங்கியிலும் தட்டுவதாக அலுவலகத்து ஆட்கள் முறைப்பாடு சொன்னார்கள்.

"ஒருக்கா என்னோட சேந்து வாசிச்சுப் பாருங்களன்" என்றேன்.

"பாட்டு எனக்குப் பாடம். நீ தொண்டையப் பாத்துக்கொள்" என்றார்.

என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எரிந்தது வேறு எங்கோ.

விழா நாள் மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் நடுவில் நான். என் இடப்பக்கம் வயலின். வலப்பக்கம் என்னைப் பார்த்தபடி மிருதங்கம். அப்படி இருந்தால் மிருதங்கக்காரரின் வலது காது சபைக்கு நேராக இருக்கும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

முன்வரிசையில் பிரதம விருந்தினர். ஓய்வுபெற்ற பெரிய கல்வி அதிகாரி. எதைப் பற்றிக் கேட்டாலும் விளக்கம் வைத்திருப்பவர், கேட்காவிட்டாலும் வைத்திருப்பவர். பொன்னாடையை எடுத்துத் தோளில் ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டு இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் எங்கள் கணித டீச்சர். அந்திநேர மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு வந்தவளைக் கண்ட அதிபர், மரியாதைக்காக முன்னுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்திவிட்டார்.

சின்ன உருப்படிகள் நல்லபடியாகப் போயின. பிறகு முக்கியமான கீர்த்தனை. அரை இடம் தள்ளி எடுக்கும் அதே கீர்த்தனை. நான் முதல் தட்டைப் போட்டேன். அரை இடம் விட்டுப் பாட்டை எடுத்தேன். எடுத்த அதே கணத்தில் முன்வரிசையில் 'டப்' என்று ஒரு சத்தம்.

பிரதம விருந்தினர் தாளம் போடத் தொடங்கிவிட்டார். பிளாஸ்டிக் கதிரையின் கைப்பிடியில், மோதிரம் போட்ட கையால். பாட்டு எங்கே தொடங்கியதோ அதுதான் முதல் தட்டு என்று அவருடைய முடிவு. என் தட்டுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் அவருடைய தட்டு. நான் சுண்டுவிரலை வைத்து முடிய அவர் சுண்டுவிரல். நான் வீசி முடிய அவர் வீச்சு. விரலும் பிழையில்லை, வீச்சும் பிழையில்லை, எட்டு எண்ணிக்கையும் சரி. எல்லாம் அச்சொட்டாக அரை இடம் பிந்தி. அவர் பெரிய மனிதர் அல்லவா, முன்வரிசை முழுவதும் அவர் கையைப் பார்த்துத் தொடையில் தட்டத் தொடங்கியது. ஒரேயொரு கை மட்டும் என்னோடு வந்தது. கணித டீச்சருடைய கை. அவளுக்குத்தான் பாட்டு விளங்காதே, பாட்டின் தொடக்கம் அவளை எப்படி ஏமாற்றும்?

பாடும்வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. என் குரலும் வயலினும் அந்தச் சத்தத்தை மூடிக்கொண்டன. எனக்கு எரிச்சல்தான். ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, ஐயா கையை எடுங்கள் என்று மேடையிலிருந்து சொல்ல முடியுமா? பொன்னாடை போர்த்தியதே நாங்கள்தானே.

பிறகு தனி ஆவர்த்தனம் வந்தது. நானும் வயலினும் நிறுத்திவிட்டோம். மிருதங்கம் மட்டும். இந்த நேரத்தில் பாடுகிறவளுக்கு ஒரே வேலைதான், தாளம் போடுவது. வயலின்காரரும் வில்லை மடியில் வைத்துவிட்டு முழங்காலில் தாளம் போட்டார். என் கணவர் கண்ணை மூடினார். ஆரம்பம் அவ்வளவு அழகு. இடக்கைப் பக்கத் தொப்பியில் ஆழ்ந்த கும்காரம் எழுந்தபோது எனக்குப் புல்லரித்தது. என்னதான் கோபம் இருந்தாலும், அந்தக் கைகளுக்காகத்தான் நான் இந்த மனிதனைக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில், வாசிப்பின் ஒரு பகுதியை முடிக்கும் சின்னத் தீர்மானம் ஒன்று வைத்தார். அது என் முதல் தட்டில் வந்து முடிய வேண்டும். முடியவில்லை. அரை இடம் கழித்து, 'டப்' என்ற சத்தத்தின் மேல் போய் விழுந்தது.

என்ன நடக்கிறது என்று உடனே விளங்கியது. வீட்டில் டிக் டிக் எந்தப் பக்கம்? வலது முழங்கால். இங்கே 'டப்' எந்தப் பக்கம்? வலது காது. பாட்டு நின்று மண்டபம் அமைதியானதும், பழக்கப்பட்ட காது பழக்கப்பட்ட பக்கத்துச் சத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. என் தட்டு சேலை மடிப்பில் விழுகிறது, அது யாருக்குக் கேட்கும்? இப்படியே போனால், பாட்டு எடுக்கும் இடத்தில் வந்து முடிய வேண்டிய கடைசிக் கோர்வை அதற்கும் அரை இடம் பிந்தி முடியும். நான் பல்லவியை எடுக்க வேண்டிய இடத்தில் மிருதங்கம் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும். மட்டக்களப்புக் குழுவுக்குப் போகும் வழி அதோடு அடைபட்டுவிடும்.

இடப்பக்கம் பார்த்தேன். வயலின்காரருக்கும் விளங்கிவிட்டது. அவர் செய்த வேலைதான் என்னை இன்னும் பதறவைத்தது. தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துவிட்டு, என் கணவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தொடையில் ஓங்கி அடித்தேன். நொந்தது. கேட்கவில்லை. 'கண்ணைத் திறங்களன், மனிசா!' என்று மனதுக்குள் கத்தினேன். அதுவும் கேட்கவில்லை. என் முகம் போன போக்கை ஒரே ஒருத்தி கண்டுவிட்டாள்.

கணித டீச்சர் என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கதிரையின் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மிகவும் பணிவாகப் பிரதம விருந்தினர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள்.

அவருடைய கை நின்றது. முகம் மலர்ந்தது. அவள் பக்கம் திரும்பி, மற்றக் கையின் விரல்களையும் விரித்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். முன்வரிசைக்கு வழிகாட்டி இல்லாமல் போய்விட்டது. ஒருவர் தட்டினார், ஒருவர் வீசினார், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கைகளும் மடிக்குப் போய்விட்டன.

வலது காதில் இருந்த சத்தம் திடீரென்று இல்லாமல் போனதும் என் கணவர் கண்ணைத் திறந்தார். கும்மிருட்டில் கைவிளக்கு அணைந்தவர் மாதிரி முழித்தார். கைகள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தன. முதலில் வயலின்காரரைப் பார்த்தார். அங்கே கை இல்லை. பிறகு என் மடியைப் பார்த்தார்.

நான் அப்போது மோதிரவிரலில் இருந்தேன். அடுத்தது நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அவர் பார்வை விரல் விரலாக வந்தது. அந்த வட்டம் முடியும்வரை சும்மா நடையை மட்டும் மெல்லமாக வாசித்தார். அடுத்த முதல் தட்டு விழுந்தபோது அவருடைய அடியும் என் கையும் ஒன்றாக விழுந்தன. அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் கல்யாண வீட்டிலும் காணவில்லை.

அதற்குப் பிறகு அவர் என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. முடிவு வருகிறது என்று சொல்லும் மோராவை வாசித்தார். கடைசிக் கோர்வையை எடுத்தார். ததிங்கிணதொம், ததிங்கிணதொம். நான் கடைசி வீச்சை வீசினேன், முதல் தட்டைப் போட்டேன். மூன்றாவது ததிங்கிணதொம் அந்தத் தட்டையும் தாண்டி ஓடி, சரியாக அரை இடத்தில் போய் முடிந்தது. முடிந்த அதே இடத்தில் நான் பல்லவியை எடுத்தேன். மண்டபமே கைதட்டியது.

அதே இடத்தில் முன்வரிசையிலும் ஒரு 'டப்'. விளக்கம் முடித்துவிட்டுத் திரும்பிய பிரதம விருந்தினருக்குப் பாட்டு தொடங்கும் இடம்தானே முதல் தட்டு. மிருதங்கம் தன் தட்டில் வந்து முடிந்ததாகவே அவர் நினைத்தார். பாராட்டிப் பேச மேடையேறியபோது, கலைஞர்களோடு சேர்ந்து கடைசிவரை தாளம் பிசகாமல் ரசித்ததாகச் சொன்னார். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

மேடைக்குப் பின்னால் வயலின்காரர் வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்.

"கண்ண மூடிக்கொண்டு வாசிச்ச ஆள், ஏன் திறந்தீங்க?"

என் கணவர் மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"இடம் தவறிட்டன் அண்ணன். இவட கையப் பாத்துத்தான் வந்து சேந்தன்."

"நான் கைய எடுத்தது அதுக்குத்தான். தாளம் பிழைக்காத ஆள நான் எங்க போய்த் தேடுற? எனக்கும் பிழைக்கும். பிழைச்சா நிமிந்து மற்ற ஆளப் பாக்கிறாரா எண்டுதான் பாத்தன்." பெட்டியைப் பூட்டினார். "அடுத்தது திருகோணமலையில. வந்திடுங்க."

கணித டீச்சரை வாசலில் பிடித்துக்கொண்டேன். "அப்படி என்னகா கேட்டீங்க அவரிட்ட?"

"சேர், நீங்க போடுறது என்ன தாளம், எனக்கொருக்காச் செல்லித் தாங்க எண்டன். அவர் செல்லினதில ஒண்டும் விளங்கல்ல. கை நிண்டிட்டு, அது போதும்."

"அவர் பிழை எண்டு எப்படித் தெரியும்?"

"ஒங்கட கை ஒரு இடத்தில, அவர்ர கை ஒரு இடத்தில. ரெண்டும் சரியா இரிக்க ஏலாதே புள்ள" என்றாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடுமுறை. நான் குசினி வாசலில் இருந்து பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் மிருதங்கத்தைச் சுதி சேர்க்கும் சத்தம் கேட்டது. பிறகு வழக்கமாக வரும் டிக் டிக் வரவில்லை. வாசிப்பும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போன் மேசையில் கிடந்தது.

"இஞ்ச வாவன்" என்றார். "கொஞ்சம் தாளம் போடு."

"கையெல்லாம் மீன்" என்றேன்.

"பரவால்ல. எனக்குத் தெரியுற மாதிரி முன்னுக்கு இரு."

கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு அவருக்கு நேரே போய் இருந்தேன். அவர் கண்ணைத் திறந்தபடி காத்திருந்தார். நான் முதல் தட்டைப் போட்டேன். செதில் ஒன்று சுண்டுவிரலில் ஒட்டியிருந்தது.